வங்கியில் 200 ரூபாய், திருப்ப வேண்டியது 29,700: நிதியுதவி ஒப்பந்தத்தை ஒரே பக்கத்தில் சுருக்குவது எப்படி?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறக்கட்டளை. மாடியில் ஒரே அறை. சாயங்காலம் பிள்ளைகள் படிக்க வருவார்கள், பகலில் அதே இடம்தான் அலுவலகம். அங்கே கணக்கு எழுதும் அக்கா ஒருநாள் ஒரு கட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். ஒரு கம்பெனியோடு போட்ட நிதியுதவி ஒப்பந்தம். இருபத்தெட்டுப் பக்கம், இணைப்புகள் தனி.

"தம்பி, இதுல எனக்கு வேண்டியது மூணே விஷயம். எப்போ கணக்கு அனுப்பணும், எதுக்குச் செலவு பண்ணலாம், எப்போ பணத்தைத் திருப்பித் தரணும். ஒரு பக்கத்துல எழுதிக் குடு" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அன்று நான் எழுதிக் கொடுத்த பக்கத்தில் "காலாண்டு அறிக்கை: 15 நாட்களுக்குள்" என்று மட்டும் இருந்தது. எந்தக் காலாண்டு, எந்த நாளிலிருந்து 15 என்று எழுதவில்லை. முதல் அறிக்கையே தாமதமாகப் போனது, அடுத்த தவணை நின்றது, இரண்டு ஆசிரியைகளுக்கு ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனது. ஒப்பந்தத்தைச் சுருக்குவது என்றால் நீளத்தைக் குறைப்பது என்று நினைத்திருந்தேன். அதில் இருக்கும் வாசகங்களைத் தேதிகளாகவும் ரூபாயாகவும் மாற்றுவதுதான் வேலை. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

## காசிமேட்டுக்குப் போகும் பையன்

பக்கத்து வீட்டு அம்மா உங்கள் பையனிடம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார். "காசிமேட்டுக்குப் போறியாமே, எனக்கும் ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கிட்டு வா. எட்டு மணிக்குள்ள வந்துடு, சமைக்கணும். வஞ்சிரம் இல்லேன்னா போன் பண்ணு, நீயா வேற வாங்காதே. மீதியக் கொண்டா."

ஒரு நிதியுதவி ஒப்பந்தம் முழுவதும் இந்த நான்கு வாக்கியத்தில் இருக்கிறது. எட்டு மணி என்பது கெடு. வஞ்சிரம் என்பது அனுமதிக்கப்பட்ட செலவு. போன் பண்ணு என்பது முன் அனுமதி. மீதி என்பது திருப்பித் தர வேண்டிய தொகை.

பையன் வஞ்சிரம் கிடைக்காமல் நல்ல சங்கராவாகப் பார்த்து வாங்கி வந்தால் என்ன ஆகும்? மீன் நல்ல மீன்தான், விலையும் சரிதான், பணத்தை அவன் எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் அந்த அம்மா "நான் இதைக் கேட்கலையே" என்று சொன்னால் சங்கரா உங்கள் வீட்டுக்கு, ஆயிரம் ரூபாய் அவருக்கு. நேர்மையாகச் செலவு செய்தோமே, எதற்குத் திருப்பித் தர வேண்டும் என்று பல அறக்கட்டளைகள் குழம்புவது இந்த இடத்தில்தான். செலவு உண்மையாக இருப்பது வேறு, ஒப்பந்தப்படி இருப்பது வேறு.

இன்னொன்றும் கவனியுங்கள். பையன் வீடு திரும்பும்வரை அந்த ஆயிரம் அந்த அம்மாவின் பணம். வங்கிக் கணக்கில் வந்து விழுந்த உதவித்தொகையும் அப்படித்தான். கணக்கியலில் இதற்குக் குறித்த நோக்கத்துக்கான நிதி என்று பெயர். அதாவது, சொன்ன வேலைக்குச் செலவாகும்வரை அது பொறுப்பாக நம்மிடம் இருக்கும் பணம், அறக்கட்டளையின் பொதுப்பணத்தோடு சேராது. டாலி என்ற கணக்கு மென்பொருளில் இதை நன்கொடை வருமானத்தோடு சேர்த்துப் பதிந்துவிட்டால் பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் அங்கேயே பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கெடு, அனுமதி, மீதி மூன்றும் தனித்தனி விஷயங்கள் அல்ல. ஒன்று தவறினால் மற்றது மாறும்.

## எடுத்துக்காட்டு ஒப்பந்தம்

அக்காவின் ஒப்பந்தத்தைப் போலவே ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகைகளையும் தேதிகளையும் கணக்குப் பார்க்க வசதியாக மாற்றியிருக்கிறேன்.

ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, அதாவது சிஎஸ்ஆர் நிதியிலிருந்து, படிப்பு மையத்துக்கு 9,60,000 ரூபாய் தருகிறது. இரண்டு தவணை: முதலில் 5,76,000, பிறகு 3,84,000. இணைப்பில் உள்ள பட்ஜெட்டில் ஐந்து தலைப்புகள். நான்கு ஆசிரியைகளுக்கு மாதம் 10,000 வீதம் மதிப்பூதியம் 4,80,000. 60 பிள்ளைகளுக்கு நாளுக்கு 15 ரூபாய் வீதம் 240 நாள் சிற்றுண்டி 2,16,000. புத்தகம், நோட்டு 84,000. வாடகையும் மின்கட்டணமும் 1,20,000. நிர்வாகச் செலவு 60,000.

ஒப்பந்தம் கையெழுத்தான நாள் 2025 ஆகஸ்ட் 4. பணம் வங்கியில் வந்த நாள் ஆகஸ்ட் 21.

படிக்க ஆரம்பிக்கும் முன் எல்லாக் காகிதங்களையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். முதன்மை ஒப்பந்தம், அதன் இணைப்புகள், ஒப்புதல் கடிதம், பிறகு வந்த மின்னஞ்சல்கள். இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது செல்லும் என்று ஒப்பந்தத்தின் பின்பகுதியில் ஒரு ஷரத்து இருக்கும். அதை முதலில் கண்டுபிடியுங்கள். திட்ட அலுவலர் போனில் "பரவாயில்லை, அடுத்த வாரம் அனுப்புங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எழுத்தில் வந்த மாற்றம் மட்டுமே செல்லும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கிறது.

## கெடு: வாசகத்தைத் தேதியாக மாற்றுவது

ஒப்பந்தத்தில் நேரடியாகத் தேதி அபூர்வமாகத்தான் இருக்கும். "இது நடந்ததிலிருந்து இத்தனை நாளுக்குள்" என்றுதான் எழுதியிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு கெடுவுக்கும் இரண்டு கேள்விகள். எண்ணிக்கையைத் தொடங்கி வைக்கும் நிகழ்வு எது? நாட்களை எப்படி எண்ணுவது?

நம் எடுத்துக்காட்டில் திட்டக்காலம் "முதல் தவணை கிடைத்த நாளிலிருந்து 12 மாதம்". கையெழுத்து போட்ட ஆகஸ்ட் 4 இங்கே எந்தக் கணக்கிலும் வராது. 2025 ஆகஸ்ட் 21 தொடக்கம், 2026 ஆகஸ்ட் 20 முடிவு. இந்த இரண்டு தேதியையும் பக்கத்தின் உச்சியில் பெரிதாக எழுதுங்கள். செலவு செல்லுமா செல்லாதா என்பதற்கும் இதுதான் வேலி.

அடுத்தது காலாண்டு அறிக்கை, "ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 15 நாட்களுக்குள்". பணம் வந்த நாளிலிருந்து மூன்று மாதம் என்றால் முதல் காலாண்டு நவம்பர் 20 அன்று முடிகிறது, நிறைய நேரம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இரண்டாம் பக்கத்தில் சொற்களுக்கு விளக்கம் தரும் பகுதியைப் பாருங்கள். காலாண்டு என்றால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் கடைசி நாளில் முடியும் மூன்று மாதம் என்று அங்கே இருக்கிறது. ஆக, வேலை தொடங்கி 41 நாளில் முதல் காலாண்டு முடிந்துவிடுகிறது. அறிக்கை அக்டோபர் 15-க்குள் போக வேண்டும். நான் தவறவிட்டது இதே மாதிரியான ஒரு இடத்தைத்தான்.

அதே கணக்கில் அடுத்தவை 2026 ஜனவரி 15, ஏப்ரல் 15, ஜூலை 15. இதில் ஜனவரி 15 பொங்கல். கெடு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் ஜனவரி 13 என்று எழுதுங்கள். போகிக்கு முந்தைய நாள்கூட வேண்டாம் என்றால் 12.

"நாட்கள்" என்பதும் "வேலை நாட்கள்" என்பதும் வேறு. வேலை நாள் என்று இருந்தால், யாருடைய வேலை நாள் என்று கேட்க வேண்டும். ஜனவரி 16 திருவள்ளுவர் தினம் நமக்கு விடுமுறை. நிதி தரும் அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தால் அவர்களுக்கு அது சாதாரண வெள்ளிக்கிழமை. சந்தேகம் வந்தால் இரண்டில் முந்திய தேதியையே எழுதுங்கள்.

### மார்ச் 31-இல் ஏன் இவ்வளவு பரபரப்பு?

இந்த ஒப்பந்தத்தில் "மார்ச் 31 வரையிலான பயன்பாட்டுச் சான்றிதழ் ஏப்ரல் 10-க்குள்" என்று இணைப்பில் ஒரு வரி இருக்கிறது. பயன்பாட்டுச் சான்றிதழ், பேச்சுவழக்கில் யூசி, என்பது வந்த தொகையில் இவ்வளவு இந்த நோக்கத்துக்குச் செலவானது, இவ்வளவு மீதி என்று சொல்லும் காகிதம். பெரும்பாலும் ஆடிட்டர் கையெழுத்து வேண்டும். காலாண்டு அறிக்கைக்கு ஐந்து நாள் முன்னதாக இது போக வேண்டும். ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு, 2026-இல் ஏப்ரல் 3 புனித வெள்ளி. கையில் இருக்கும் நாட்களை எண்ணிப் பாருங்கள்.

கம்பெனி நம்மைத் துரத்துவதற்குக் காரணம் உண்டு. சட்டப்படி, அறக்கட்டளைக்குப் பணத்தை அனுப்பிவிட்டதால் மட்டும் கம்பெனி செலவு செய்துவிட்டதாக ஆகாது. அறக்கட்டளை அதைப் பயன்படுத்தினால்தான் செலவு. கொடுத்த பணம் சொன்ன முறையில் செலவானது என்று கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டும். ஒரு நிதியாண்டைத் தாண்டி நீளும் தொடர்திட்டமாக இருந்தால், செலவாகாமல் நிற்கும் தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். அதாவது ஏப்ரல் 30. நம் எண் கையில் வராமல் அவர்களால் தங்கள் எண்ணை முடிக்க முடியாது. இது தெரிந்தபின் அந்தத் தேதியை நான் ஒருபோதும் சாதாரணக் கெடுவாக எழுதியதில்லை.

கடைசியாக, இறுதி அறிக்கை: திட்டம் முடிந்து 30 நாளில், ஆடிட்டர் சான்றோடு. ஆகஸ்ட் 20-லிருந்து 30 நாள் என்றால் 2026 செப்டம்பர் 19, சனிக்கிழமை. வருமானவரித் தணிக்கை வேலைகளில் ஆடிட்டர்கள் மூழ்கியிருக்கும் மாதம் அது. எனவே பக்கத்தில் இரண்டு தேதி வேண்டும்: ஆடிட்டரிடம் கொடுக்கும் நாள் ஆகஸ்ட் 31, கொடையாளருக்குப் போகும் நாள் செப்டம்பர் 17.

இன்னொரு கெடு அறிக்கைப் பகுதியில் இருக்காது, பணம் தரும் பகுதியில் ஒளிந்திருக்கும். இரண்டாம் தவணைக்கு நிபந்தனை: இரண்டாவது அறிக்கை ஏற்கப்பட்டிருக்க வேண்டும், முதல் தவணையில் 80 சதவீதம் செலவாகியிருக்க வேண்டும். 5,76,000-இல் 80 சதவீதம் 4,60,800. மாதம் சுமார் 80,000 செலவாகும் மையத்துக்கு இது ஏறக்குறைய ஆறு மாதம், அதாவது பிப்ரவரி நடுப்பகுதி. ஜனவரியில் அறிக்கை அனுப்பியவுடன் பணம் வந்துவிடும் என்று சம்பளத்துக்குத் திட்டம் போட்டால் ஏமாற்றம்தான்.

சுருங்கச் சொன்னால், கெடு என்பது ஒரு நிகழ்வு, ஒரு எண்ணும் முறை, ஒரு நாட்காட்டித் தேதி. மூன்றும் எழுதப்படாத வரி அரைகுறை வரி.

## செலவு: நான்கு வாசல்

ஒரு செலவு அனுமதிக்கப்பட்டதா என்று பார்க்க பட்ஜெட்டில் தலைப்பு இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு பில்லும் நான்கு வாசலைத் தாண்ட வேண்டும். திட்டக்காலத்துக்குள் வந்ததா? தலைப்புக்குள் பொருந்துகிறதா? தொகை வரம்புக்குள் இருக்கிறதா? கேட்ட ஆதாரம் இருக்கிறதா? ஒரு வாசலில் நின்றுவிட்டாலும் அது நம் சொந்தச் செலவு.

முதல் வாசல், காலம். ஆகஸ்ட் 12 அன்று, பணம் வரும் நம்பிக்கையில், 9,000 ரூபாய்க்கு நோட்டு வாங்கியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, தலைப்பும் இருக்கிறது. ஆனால் திட்டக்காலம் ஆகஸ்ட் 21-இல்தான் தொடங்குகிறது. செல்லாது. முடிவிலும் இதே பிரச்சினை உண்டு. அடுத்த ஆகஸ்ட் மாத மதிப்பூதியத்தை செப்டம்பர் 5 அன்றுதான் தருவோம். வேலை நடந்த நாளைப் பார்ப்பதா, பணம் கொடுத்த நாளைப் பார்ப்பதா? இந்த ஒப்பந்தம் "காலத்துக்குள் ஏற்பட்டு, முடிந்து 30 நாளுக்குள் செலுத்தப்பட்ட செலவு" என்கிறது. ஆகவே ஆகஸ்ட் 20 வரையிலான பங்கு செல்லும், மீதிப் பதினொரு நாள் நம் கணக்கு. "செலுத்தப்பட்ட செலவு" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த மதிப்பூதியம் முழுவதும் போயிருக்கும். ஒரு சொல்தான் வித்தியாசம்.

இரண்டாவது வாசலில் அதிகம் சிக்குவது பொருட்கள். புத்தகத் தலைப்பில் 14,500 ரூபாய்க்கு ஒரு பிரிண்டர் வாங்கினால், வினாத்தாள் அச்சடிக்கத்தான் வாங்கினோம் என்றாலும் அது நிலையான சொத்து. இந்த ஒப்பந்தத்தில் சொத்து வாங்க எழுத்துமூலம் முன் அனுமதி வேண்டும். சங்கரா மீன் கதைதான். சென்னையில் இன்னொரு பொறி வாடகை அட்வான்ஸ். வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸ் நமக்குத் திரும்பி வரப்போகிற பணம். அது செலவே அல்ல, வாடகைத் தலைப்பில் காட்டவே கூடாது.

மூன்றாவது வாசல், தொகை. ஒரு தலைப்பில் 10 சதவீதம்வரை அனுமதியின்றிக் கூடலாம், மொத்தம் மாறக்கூடாது என்கிறது ஷரத்து. எதில் 10 சதவீதம்? அந்தத் தலைப்பின் பட்ஜெட்டிலா, மொத்த உதவித்தொகையிலா? நம் ஒப்பந்தத்தில் தலைப்பின் பட்ஜெட்டில். சிற்றுண்டிக்கு 2,16,000 என்றால் கூடுதல் 21,600 வரை போகலாம். ஆனால் அடுத்த துணை ஷரத்தைப் படிக்காமல் நிறுத்திவிடாதீர்கள். "நிர்வாகச் செலவு எந்த நிலையிலும் பட்ஜெட்டைத் தாண்டக் கூடாது" என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. 10 சதவீதச் சலுகை அதற்குக் கிடையாது.

நிர்வாகச் செலவு பற்றி உலவும் ஒரு தவறான பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "சிஎஸ்ஆர்னா நிர்வாகத்துக்கு 5 சதவீதம்தான்" என்பார்கள். விதிகளில் உள்ள அந்த 5 சதவீதம், சிஎஸ்ஆர் வேலையைக் கவனிக்கக் கம்பெனி தன் பக்கம் செய்யும் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு. அறக்கட்டளைக்கு வரம்பு எவ்வளவு என்பதை ஒப்பந்தமே முடிவு செய்கிறது. "இல்ல, 20 சதவீதம்" என்று சொல்பவர்கள் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் வரம்பை நினைத்துச் சொல்கிறார்கள். உள்நாட்டுக் கம்பெனி பணத்துக்கு அது பொருந்தாது.

நான்காவது வாசல், ஆதாரம். இதில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது மையத்துக்குச் சுண்டல் கொண்டுவரும் பாட்டி. தினமும் ஐந்தரைக்கு அலுமினியத் தூக்கோடு மாடியேறுவார். 60 பிள்ளைகள், 900 ரூபாய். அவரிடம் பில் புத்தகமும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. ஒப்பந்தம் "பில்லும் வவுச்சரும்" கேட்கிறது. அச்சிட்ட பில் கொடு என்று பாட்டியைத் துரத்துவது முறையில்லை, கடைக்காரர் யாரிடமாவது பொய் பில் வாங்குவது அதைவிடத் தவறு. வழி என்னவென்றால், தொடக்கத்திலேயே கொடையாளருக்கு எழுதிக் கேட்பது: தேதி, வந்த பிள்ளைகள் எண்ணிக்கை, தொகை, பாட்டியின் கையெழுத்து உள்ள வவுச்சர், கூடவே வாரம் ஒருமுறை வங்கி வழியாகப் பணம் கொடுத்த பதிவு, அந்த நாட்களின் வருகைப் பதிவேடு. இவை போதுமா என்று கேட்டு, ஆம் என்று பதில் வாங்கி, அந்த மின்னஞ்சலின் தேதியை ஒருபக்கச் சுருக்கத்தில் சிற்றுண்டி வரிக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வருடக் கடைசியில் கேட்டால் 2 லட்சத்துக்கு மேற்பட்ட செலவு அந்தரத்தில் தொங்கும்.

## மீதி: அசல் கணக்கு இங்கேதான்

இப்போது வருடம் முடிந்ததாக வைத்து டாலியைத் திறப்போம். லெட்ஜரில் செலவு: மதிப்பூதியம் 4,60,000 (ஒரு ஆசிரியை விலகி இரண்டு மாதம் இடம் காலி). சிற்றுண்டி 2,34,000. புத்தகம் 88,000. வாடகை, மின்சாரம் 1,20,000. நிர்வாகம் 66,000. மொத்தம் 9,68,000.

வந்தது 9,60,000. ஆகவே 8,000 ரூபாய் அதிகம் செலவு செய்துவிட்டோம், திருப்பித் தர ஒன்றும் இல்லை. லெட்ஜரை மட்டும் பார்த்தால் இப்படித்தான் தோன்றும்.

ஒப்பந்தத்தின் கண்ணால் பார்ப்போம். மதிப்பூதியம் 4,60,000 முழுதும் செல்லும். சிற்றுண்டி 18,000 கூடியிருக்கிறது, வரம்பு 21,600, எனவே 2,34,000 செல்லும். புத்தகம் 88,000-இல் பிரிண்டர் 14,500, ஆகஸ்ட் 12 நோட்டு 9,000 இரண்டும் போக 64,500. வாடகை 1,20,000 செல்லும். நிர்வாகத்தில் 6,000 கூடுதல், சலுகை இல்லை, 60,000 மட்டும். செல்லும் செலவு மொத்தம் 9,38,500.

9,60,000-இல் 9,38,500 போக மீதி 21,500. இதோடு இன்னொன்று. உதவித்தொகை கிடந்த சேமிப்புக் கணக்கில் வருடத்தில் வந்த வட்டி 8,200. அந்த வட்டியும் கொடையாளருடையது என்று ஷரத்து சொல்கிறது. ஆகத் திருப்ப வேண்டியது 29,700.

வங்கியில் எவ்வளவு இருக்கும்? வந்தது வட்டியோடு 9,68,200, வெளியே போனது 9,68,000. வெறும் 200 ரூபாய். மீதி 29,500-ஐ அறக்கட்டளை தன் பொதுப்பணத்திலிருந்து போட வேண்டும். யாரும் திருடவில்லை, ஒரு ரூபாய்கூட வீணாகவில்லை, பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள். ஆனாலும் மாடியறையில் படிப்பு மையம் நடத்தும் ஓர் அமைப்புக்கு இது ஏறக்குறைய மூன்று ஆசிரியைகளின் ஒரு மாத மதிப்பூதியம். தொடக்கத்திலேயே அந்தப் பக்கம் சரியாக எழுதப்பட்டிருந்தால் பிரிண்டருக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கும், நோட்டு பத்து நாள் கழித்து வாங்கப்பட்டிருக்கும்.

### திருப்பித் தரும் ஷரத்து ஒன்றல்ல

பணத்தைத் திருப்புவது ஒரே சூழ்நிலையில் நடப்பதாக நினைத்து ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். மூன்று வகையாகப் பிரியுங்கள். முதலாவது தானாக வருவது: திட்டம் முடிந்ததும் மீதியையும் வட்டியையும் யாரும் கேட்காமலே இத்தனை நாளில் அனுப்ப வேண்டும். இரண்டாவது, கேட்டால் வருவது: கொடையாளர் கணக்கைச் சரிபார்த்து ஒரு செலவை மறுத்து, எழுத்தில் கேட்ட நாளிலிருந்து 30 நாள். இதற்குத் திட்டம் முடிந்த தேதி எல்லை இல்லை, ஆவணங்களை வைத்திருக்கச் சொன்ன காலம் முழுவதும் கேட்கலாம். அதனால்தான் பில்களை எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்ற ஷரத்தையும் இந்தப் பகுதியிலேயே எழுதுகிறேன். மூன்றாவது, ஒப்பந்தம் முறிவது: பொய் ஆவணம், வேறு வேலைக்குப் பணத்தைச் செலவிட்டது, அறிக்கையே தராதது. இதில் செலவாகாத தொகையை மட்டுமா, முழுத் தொகையையுமா, எத்தனை சதவீத வட்டியோடு என்று வாசகத்தை அப்படியே எடுத்து எழுதுங்கள். இங்கே நம் சொந்த நடையில் சுருக்கவே கூடாது.

முறிவுப் பகுதியில் சரிசெய்யும் அவகாசம் என்று ஒன்றும் இருக்கலாம். தவறை எழுத்தில் சுட்டிக்காட்டிய பின் சரிசெய்ய 15 நாளோ 30 நாளோ தருவார்கள். அந்தக் கடிதம் எந்த முகவரிக்கு வரும் என்று பாருங்கள். செயலாளரின் பழைய மின்னஞ்சலுக்குப் போய், யாரும் திறக்காமலே அவகாசம் தீர்ந்துபோவது நடக்கக்கூடிய விஷயம்.

மீதித்தொகையின் சூத்திரத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்: வந்தது, கூட்டல் வட்டி, கழித்தல் செல்லும் செலவு. செய்த செலவைக் கழிக்கக் கூடாது.

## அந்த ஒரு பக்கம்

இப்போது நான் எழுதும் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஷரத்து எண்ணும் பக்க எண்ணும் இருக்கும், சந்தேகம் வந்தால் அக்கா உடனே மூலத்தைப் புரட்டிப் பார்க்க. ஒரு வரி எப்படி இருக்கும் என்றால்:

"இரண்டாவது காலாண்டு அறிக்கை. டிசம்பர் 31 வரை. கெடு 15.01.2026 (பொங்கல்), நாம் அனுப்புவது 12.01.2026. விடுமுறைச் சலுகை வாசகம் இல்லை. தயாரிப்பது கணக்கர், கையெழுத்து செயலாளர். தவறினால்: இரண்டாம் தவணை நிற்கும். ஷரத்து 6.2, பக்கம் 9."

செலவு வரி ஒன்று:

"நிர்வாகம் 60,000. உச்சவரம்பு 60,000, 10 சதவீதச் சலுகை இல்லை. 50,000 தொட்டவுடன் செயலாளரிடம் சொல்ல வேண்டும். ஷரத்து 8.4, பக்கம் 12."

ஒப்பந்தத்தில் தெளிவில்லாத இடத்தை நாமே ஊகித்து நிரப்பக் கூடாது. "வட்டியைத் திட்டத்துக்கே செலவிடலாமா? வாசகம் இல்லை. கேட்ட தேதி, பதில் வந்த தேதி" என்று கேள்வியாகவே விடுங்கள். ஒப்பந்த ஆங்கிலத்தில் 'ஷல்' என்றால் செய்தே ஆக வேண்டும், 'மே' என்றால் செய்யலாம். தமிழில் இரண்டையும் "செய்ய வேண்டும்" என்று எழுதிவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. "கொடையாளர் மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதிக்கலாம்" என்பது நம் உரிமை அல்ல, அவர் விருப்பம். அனுமதிக் கடிதம் வரும்வரை அது திருப்பித் தர வேண்டிய பணம்தான்.

பிறகு டாலியில் இந்த உதவித்தொகைக்குத் தனிக் காஸ்ட் சென்டர், அதாவது இதன் செலவை மட்டும் பிரித்துக் காட்டும் பகுதி ஒன்றைத் திறந்து, பட்ஜெட் தலைப்புகளின் பெயரையே லெட்ஜர் பெயராக வையுங்கள். வவுச்சர் போடும்போதே நான்கு வாசலையும் பார்த்து, செல்லாததைப் பொதுநிதிச் செலவாக அன்றைக்கே பதிந்துவிட்டால், மேலே பார்த்த 9,68,000-க்கும் 9,38,500-க்கும் உள்ள இடைவெளி மாதாமாதம் கண்ணில் படும்.

மீதியைத் திருப்பும்போது வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். விவரக் குறிப்பில் ஒப்பந்த எண்ணை எழுதுங்கள். அசல் மீதி எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துக் கடிதம் வைத்து, கணக்கு முடிந்தது என்று அவர்களிடமிருந்து எழுத்தில் ஒரு பதில் வாங்குங்கள். அக்கா அந்தக் கடிதத்தை ஒருபக்கச் சுருக்கத்தின் பின்னால் பின் அடித்து, கோப்பின் முதல் பக்கமாக வைத்திருக்கிறார்.